8 டிகிரி என்பது 8 சதவீதம் அல்ல

“பக்கவாட்டுப் படத்தில் சாய்தளத்தின் கோணத்தை அளந்தேன், 8 டிகிரி. ஆக, சாய்வு 8 சதவீதம்தான். சக்கர நாற்காலிக்குத் தாராளமாகப் போதும்.”

அளந்ததில் பிழையில்லை, ஐயா. ஆனால் 8 டிகிரி என்பது ஏறத்தாழ 14 சதவீதம். ஏறும் உயரத்தைக் கிடைமட்ட நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால்தான் சதவீதம் கிடைக்கும். அதே படத்தில் உயரம் 70 பிக்சல், கிடைநீளம் 500 பிக்சல் வருகிறது. நீங்களே வகுத்துப் பாருங்கள். பரவலாக ஏற்கப்படும் உச்ச வரம்பு 12-க்கு 1, அதாவது சுமார் 8.3 சதவீதம். கோணமாகச் சொன்னால் 5 டிகிரிக்கும் குறைவு.

சாய்ந்த பரப்பின் நீளத்தால் வகுக்கலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முறை அதுவல்ல என்றாலும், இவ்வளவு சாய்வில் வித்தியாசம் மிகச் சிறியது. தன் தாயாரின் மின் நாற்காலி இதைவிடச் செங்குத்தான தளத்திலும் ஏறுகிறது என்கிறார் இன்னொருவர். கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுபவருக்கு அது பொருந்தாது. பின்பக்கம் கவிழும் அபாயமும் உண்டு.

படம் சற்றுக் கோணலாக எடுக்கப்பட்டிருந்தால் கிடைநீளம் சுருங்கி, சாய்வு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதனால் 14 என்பதையும் நான் முடிவாகச் சொல்லவில்லை. நேரில் ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தின் ஒரு முனையைத் தளத்தில் ஊன்றி, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் தளத்துக்கும் உள்ள செங்குத்து இடைவெளி எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம்.