முதல் வரியில் சொல்லிவிடுங்கள்

புருஷன் கடற்படைக் கப்பலில் போன வீட்டுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "நல்லதை மட்டும் எழுதும்மா, அங்கே அவர் மனசு கலங்கக் கூடாது." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எல்லாம் நலம் என்று மட்டும் எழுதினால், எதை மறைக்கிறாள் என்று நடுக்கடலில் அவர் தூக்கம் கெட்டு யோசிப்பார்.

2014 அக்டோபர் 12, ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய நாள். என் வீட்டுக்காரர் ஏடன் வளைகுடாவில் கொள்ளையரைத் தடுக்கும் காவல் பணியில் இருந்தார். இங்கே கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. இரண்டு நாள் கழித்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினேன்:

"என்னங்க, நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், ஒரு கீறல்கூட இல்லை. இனி நிதானமாகப் படியுங்கள். குவார்ட்டர்ஸ் வாசல் வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. பின்பக்க ஜன்னல் கண்ணாடி போச்சு. அட்டை வைத்து அடைத்திருக்கிறேன், மழை உள்ளே வரவில்லை. பெரியவனுக்கு அன்றிரவு காய்ச்சல், நூற்றிரண்டு. நேற்றுக் காலை இறங்கிவிட்டது, இட்லி கேட்டான். சின்னவள் உங்கள் வெள்ளை யூனிஃபார்மைப் பிடித்துக்கொண்டு 'அப்பா' என்கிறாள். பால் பாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் வரிசை, பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மாறி மாறி நிற்கிறோம்."

நலம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அடுத்து அந்தக் காய்ச்சலைக் கவனியுங்கள். அது இறங்கின பிறகுதான் எழுதினேன். ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரிக்குப் போடும் கடிதம், கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொடும்போதுதான் அவர் கைக்குப் போகும். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று பாதியில் நிறுத்தினால், இங்கே ஒரு ராத்திரியில் விட்ட காய்ச்சல் அங்கே அடுத்த கடிதம் வரும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். கஷ்டத்தை எழுதுங்கள், ஆனால் அது முடிந்த இடம்வரை எழுதுங்கள்.

அப்புறம், உறையின் மூலையில் நம்பர் போடுங்கள். நாலைந்து கடிதம் ஒரே கட்டாக வந்து சேரும். முன்பின்னாகப் பிரித்தால் குணமான பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிடும். அந்தக் கடிதத்துக்கு என் நம்பர் 9.

கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது திரும்பும் என்பதை மட்டும் கடிதத்திலும் எழுத வேண்டாம், வெளியில் எங்கேயும் போட வேண்டாம். தேதி தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

எழுத ஒன்றுமில்லை என்று சொல்லும் தங்கைகளுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில் சின்னவளை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். கூச்சத்தில் காலை இழுத்தாள், கட்டைவிரல் பக்கம் கோடு கோணிவிட்டது. பக்கத்தில் தேதி போட்டு, "நீங்கள் வருவதற்குள் வளர்ந்துவிடும், ஒரு விரற்கடை கூட்டி வாங்குங்கள்" என்று எழுதினேன்.

அவர் வந்தபோது பெட்டியில் சிவப்பு ஷூ இருந்தது. போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது.