பெருக்கல் கணக்கை பி.ஓ.எம். எக்ஸ்ப்ளோஷன் என்று சொல்லாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பிளானிங் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்டர் வந்ததும் எக்செல்லைத் திறந்து, "ஒரு ஜோடிக்கு இவ்வளவு தோல், 1200 ஜோடிக்கு எவ்வளவு?" என்று பெருக்கி பர்ச்சேஸுக்கு அனுப்பிவிடுவார்கள். கேட்டால் பி.ஓ.எம்., அதாவது ஒரு ஷூவுக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலின் எக்ஸ்ப்ளோஷன் முடிந்தது என்பார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் வாய்ப்பாடு. எக்ஸ்ப்ளோஷன் என்றால் மேலிருந்து படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் கையிருப்பைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அடுத்த படிக்குப் போவது.

ஆண்கள் டெர்பி ஷூ, 1200 ஜோடி ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். சைஸ் வாரியாக 40-இல் 120, 41-இல் 240, 42-இல் 360, 43-இல் 300, 44-இல் 120, 45-இல் 60. மேல்படியில் இருப்பது பெட்டியில் போட்ட ஷூ. அதற்கு அடுத்த படியில் தைத்து முடித்த அப்பர், சோல், இன்சோல், உள்ளே ஒட்டும் சாக், லேஸ், பெட்டி. அப்பருக்குக் கீழே மேல்தோல், லைனிங் தோல், நூல், ஐலெட். மூன்றே படிதான், ஆனால் தப்பு நடக்க இது போதும்.

முதலில் சேதாரம். லாஸ்டிங்கில், அதாவது லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சின் மேல் அப்பரை இழுக்கும்போது, நூறில் இரண்டு கிழியும் என்று வைப்போம். இந்த 2%-ஐ எங்கே பதிவது? பலர் ஷூவின் தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பெட்டி, லேஸ், சோல் எல்லாமே கூடுதலாக வாங்கப்பட்டு ஸ்டோரில் தூங்கும். கிழிந்தது அப்பர்தானே? சோல் ஒட்டுவதற்கு முன்னாலேயே அது கிழிந்துவிட்டது. சாக் ஒட்டுவது லாஸ்டைக் கழற்றிய பிறகு. ஆகவே அந்த 2% ஷூவின் பட்டியலில் அப்பர் என்ற வரிக்கு மட்டும்தான். சோலும் சாக்கும் பெட்டியும் 1200-ஐ வைத்தே கணக்காகும். சோலில் தனியாக ரிஜெக்‌ஷன் வந்தால் அதைச் சோல் வரியில் போடுங்கள்.

2% போக 1200 வர வேண்டும் என்றால் 0.98-ஆல் வகுக்க வேண்டும். அதையும் மொத்தத்தில் செய்யாமல் சைஸ் வாரியாகச் செய்து, ஒவ்வொன்றையும் மேல்நோக்கி முழு ஜோடியாக்க வேண்டும். சைஸ் 40-க்கு:

```
=ROUNDUP(120/0.98,0)
```

123 வரும். இப்படியே மற்ற சைஸ்களுக்கு 245, 368, 307, 123, 62. கூட்டினால் 1228 அப்பர். மொத்தத்தை ஒரே அடியாக வகுத்தால் 1225 என்று காட்டும். அந்த மூன்று ஜோடி அரை ஜோடிகளாகச் சிதறிப் போயிருக்கும், யாருக்கும் தெரியாது.

இப்போது கையிருப்பு. ஸ்டோரில் இதே அப்பர் 150 ஜோடி இருக்கிறது, அதில் 30 இன்னொரு ஆர்டருக்கு ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் 120. இதை அப்படியே கழிப்பவர்தான் அதிகம். சைஸைப் பாருங்கள்: 42-இல் 50, 45-இல் 70. 45-க்கு நமக்கு வேண்டியது 62தான். மீதி 8 ஜோடி அடுத்த ஆர்டருக்கு, இந்த ஆர்டருக்கு அவை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆக உபயோகமாவது 112. புதிதாகத் தைக்க வேண்டியது 1116 ஜோடி. மொத்தத்தில் கழித்தவரின் தாளில் 1105 இருக்கும். பதினொரு ஜோடி குறைவு, அது பேக்கிங் நாளில்தான் தெரியவரும்.

தோலுக்கு இறங்குவது இந்த 1116-ஐ எடுத்துக்கொண்டுதான், 1200-ஐ அல்ல. சைஸ் 42-இன் பேட்டர்ன் பரப்பு ஜோடிக்கு 1.75 சதுர அடி, கட்டிங் வேஸ்ட் 20%. இங்கேதான் பெரிய ஓட்டை. 1.75-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 2.1. ஆனால் 20% என்பது வாங்கிய தோலில் வீணாவது என்றால், மிஞ்சுவது 80%. அப்போது 1.75-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 2.1875 வரும். 1116 ஜோடிக்குப் பெருக்கல்காரர் 2343.6 சதுர அடி வாங்குவார், தேவையோ 2441.25. கிட்டத்தட்ட 98 சதுர அடி குறையும். உங்கள் கட்டிங் மாஸ்டர் சொல்லும் 20% எதன் மேல் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு பட்டியலில் ஏற்றுங்கள். பேட்டர்ன் மேல் கூட்டிச் சொல்லும் இடங்களும் உண்டு, அங்கே பெருக்கல்தான் சரி.

"தோல்தானே, பேரணாம்பட்டு பக்கத்திலேதானே இருக்கு, ஆள் அனுப்பி எடுத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். தோல் கிடைக்கும், அதே ஷேட் கிடைக்குமா? வேறு லாட்டில் ஃபினிஷ் பண்ணின தோல் வெயிலில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் காட்டிவிடும். ஒரு ஜோடியில் ஒரு கால் ஒரு லாட், இன்னொரு கால் இன்னொரு லாட் என்று போய்விட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்காது.

(சைஸ் 42-இன் பரப்பை எல்லாருக்கும் போடலாமா என்று கேட்பீர்கள். தைக்கப்போகும் 1116-இன் சராசரி சைஸ் 42.06, அதனால் இந்த ஆர்டரில் பிழையில்லை. பெரிய சைஸ் அதிகமுள்ள ஆர்டரில் சைஸ் வாரிப் பரப்பைத்தான் எடுக்க வேண்டும்.)

கடைசியாக லைனிங் தோல். நல்ல சாஃப்ட்வேர் இல்லாத இடங்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் இது இரண்டு படியில் வருகிறது. சாக்குக்குத் தனிப் பட்டியல் போடாமல் ஷூவின் பட்டியலிலேயே இந்தத் தோலை எழுதியிருப்பார்கள், ஒரு படி கீழே அப்பரின் உட்புறத்துக்கும் அதே தோல். வேஸ்டையும் சேர்த்து சாக்குக்கு ஜோடிக்கு 0.5 சதுர அடி என்றால் 1200 ஜோடிக்கு 600. அப்பருக்கு 1.6 என்றால் 1116 ஜோடிக்கு 1785.6. மொத்தம் 2385.6. ஸ்டோரில் 400 இருக்கிறது, எனவே வாங்க வேண்டியது 1985.6. மேல்படியில் சாக்கைப் பார்த்தவுடனே 400-ஐக் கழித்து, கீழ்ப்படியில் அப்பருக்கு வந்ததும் அதே 400-ஐ மறுபடி கழித்தால் 1585.6 என்று வரும். ஒரே தோலை இரண்டு முறை செலவழித்த கணக்கு. 250 ஜோடிக்கு லைனிங் இருக்காது. இதைத் தவிர்க்கத்தான் லோ லெவல் கோட் என்று ஒன்று வைக்கிறார்கள்: ஒரு பொருள் எத்தனை படியில் வந்தாலும், அது வரும் ஆகக் கீழான படிக்கு வரும்வரை கையிருப்பைத் தொடக்கூடாது, தேவையை மட்டும் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். எக்செல்லில் செய்பவர்கள், எல்லாப் படியின் தேவையையும் தோல் கோட் வாரியாக ஒரே ஷீட்டில் கூட்டிவிட்டு, அப்புறம் ஒரே ஒரு தடவை கழித்தால் போதும்.

கட்டிங் முடிந்ததும் இஷ்யூ ஸ்லிப்பை எடுத்து, திரும்பி வந்த தோல் போக 1116 ஜோடிக்கு உண்மையில் எவ்வளவு போயிற்று என்று பாருங்கள். 2536 சதுர அடி என்றால் மிஞ்சியது 80% அல்ல, 77%. அது ஒரு லாட்டின் தோல் கிரேடு மட்டமானதாலா, எப்போதுமே அப்படியா என்று அடுத்த இரண்டு ஆர்டர்களிலும் பார்த்துவிட்டு, பட்டியலிலேயே 0.8-ஐ 0.77 ஆக்குங்கள். அந்த ஆர்டர் தாளில் மட்டும் கையால் கூட்டி எழுதிவைத்தால் அடுத்த ஆர்டரிலும் 95 சதுர அடி குறையும்.