சுருக்குகிறேன் என்று பாதியைத் தின்றுவிடாதீர்கள்!

அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு வருகிறது. ஒரே மூச்சில், நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாமல், இப்படி:

"எல்லாருக்கும் வணக்கம் போன மீட்டிங்ல பேசினபடி தொட்டி கழுவுற விஷயம் ரொம்ப நாளா தள்ளிக்கிட்டே போகுது முதல்ல சனிக்கிழமைனு சொல்லியிருந்தோம் ஆனா ஆளுங்க அன்னைக்கு வேற இடத்துக்குப் போறாங்களாம் அதனால ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்னு முடிவு காலையில 8 மணிக்கு ஏ பிளாக் ஆரம்பிச்சா 11 ஆயிடும் அப்புறம் பி பிளாக் ஒரு 2 மணி ஆகலாம் எந்த பிளாக்ல வேலை நடக்குதோ அங்க மட்டும் தண்ணி வராது கீழ போர் குழாயில வரும் முடிஞ்சதும் வர்ற தண்ணியை பத்து நிமிஷம் திறந்து விட்டுட்டு அப்புறம் குடிக்க சமைக்க எடுங்க பி பிளாக் தொட்டிக்குக் கீழ வண்டி விடுறவங்க முந்தின ராத்திரியே எடுத்துடுங்க பிளீச்சிங் தண்ணி சொட்டும் அன்னைக்கு கரண்ட் கட்னு அறிவிச்சா அடுத்த ஞாயிறுதான் அதை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுறோம் வீட்டுக்கு 150 ரூபாய் செக்யூரிட்டிகிட்ட குடுங்க வாடகைக்கு இருக்கறவங்க தர வேண்டாம் ஓனர்கிட்ட வாங்கிக்கறோம் நன்றி"

படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நமக்கு உண்மையில் பற்றிக்கொண்டு வருவது இதை எழுதியவர் மேல் இல்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து "சுருக்கமாக" என்று போடுகிறாரே, அதுதான் கொடுமை:

"ஞாயிறு 8 – 2 தொட்டி சுத்தம். தண்ணீர் வராது. 150 ரூபாய் செக்யூரிட்டியிடம் கொடுக்கவும்."

நூறு வார்த்தையைப் பத்தாக்கிவிட்டாராம்! நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் இல்லாத வீட்டுக்காரர் ஆறு மணி நேரத்துக்கு அண்டா குண்டாவெல்லாம் நிரப்பி வைக்கிறார். வாடகைக்கு இருப்பவர் தரவேண்டாத 150 ரூபாயைத் தருகிறார், ஓனரும் தருகிறார், பிறகு யார் யாருக்குத் திருப்பித் தருவது என்று தனிப் பஞ்சாயத்து. பி பிளாக்கில் பைக் நிறுத்தியவருக்கு எதுவுமே தெரியாது. கரண்ட் கட் அறிவிப்பு வந்தால் என்ன ஆகும் என்று குரூப்பில் ஆளாளுக்குக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளின் நீளம் மூலச் செய்தியைவிட அதிகம்.

இது ஏன் எப்போதும் இப்படியே நடக்கிறது? சுருக்குகிறவர் நேரம், கிழமை, தொகை ஆகிய மூன்றை மட்டும் கண்ணால் பொறுக்குகிறார். எண்கள் பளிச்சென்று தெரியும். "மட்டும்", "ஆனா", "அறிவிச்சா", "தர வேண்டாம்" போன்ற சொற்கள் வளவளப்பு மாதிரியே இருக்கும், அதனால் வளவளப்போடு சேர்ந்து போய்விடும். செய்தியின் உயிர் அந்தச் சொற்களில்தானே ஐயா இருக்கிறது!

எழுதுவதற்கு முன் எண்ணுங்கள். மூலத்தை மேலிருந்து கீழே படித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் குடியிருப்பில் யாராவது ஒருவர் வேறு மாதிரி நடந்துகொள்வாரா? ஆமாம் என்றால் அது தகவல், எண்ணில் சேரும். இல்லை என்றால் வெட்டலாம். "ரொம்ப நாளா தள்ளிக்கிட்டே போகுது" போகட்டும். ஆட்கள் சனிக்கிழமை வேறு இடத்துக்குப் போகும் காரணமும் போகட்டும். ஆனால் சனிக்கிழமை இல்லை என்பது போகக்கூடாது, பழைய தேதியை மனதில் வைத்திருப்பவர் இருக்கிறார். பிளீச்சிங் தண்ணீர் சொட்டும் என்பதும் காரணம்தான், ஆனாலும் நிற்க வேண்டும். வெறுமனே "வண்டியை எடுங்கள்" என்றால் எடுக்காதவர், பெயின்ட் போகும் என்று தெரிந்தால் எடுப்பார். இப்படி எண்ணினால் அந்த ஒரு செய்தியில் பதினைந்து தகவலுக்கு மேல் இருக்கிறது. மூன்றைக் கொடுத்துவிட்டுச் சுருக்கம் என்கிறார்கள்!

அடுத்தது கிழமைகள். "அடுத்த ஞாயிறு" என்பதைப் போல வீட்டுக்கு வீடு அர்த்தம் மாறும் சொல் இல்லை. செவ்வாய்க்கிழமை படிக்கும் ஒருவருக்கு அது வருகிற ஞாயிறு, இன்னொருவருக்கு அதற்கும் அடுத்தது. தேதியைப் போட்டுத் தொலையுங்கள். செய்தி வந்தது 10.3.2026 செவ்வாய் என்றால் ஞாயிறு 15, தள்ளிப்போனால் 22, சொல்ல வேண்டிய வெள்ளி 13. ராத்திரி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நம் பேச்சில் விடியும்வரை முந்தின நாள்தான். "சனிக்கிழமை ராத்திரி 1 மணி" என்றால் கடிகாரத்துக்கு அது ஞாயிறு. 00:15 ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாகப் போய் நிற்பவர்கள் எல்லாம் இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்கள்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பது. "ஒரு 2 மணி ஆகலாம்" என்பது மதிப்பீடு. அதை "11 – 2" என்று உறுதியாக எழுதினால் 2.05க்குக் குழாயைத் திறந்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். "முந்தின ராத்திரி" என்பதை "இரவு 9க்குள்" என்று நீங்களாக மாற்றுவதும் கூடாது. மூலத்தில் மணி இல்லை. மணி தேவை என்று பட்டால் அனுப்பியவரிடம் கேளுங்கள், ஒரு போன் போதும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சுருக்கினால் இப்படி வரும்:

*15.3.2026 ஞாயிறு: தொட்டி சுத்தம்* (சனி 14 அல்ல)
தண்ணீர் வராது: ஏ பிளாக் காலை 8 முதல் சுமார் 11 வரை. பி பிளாக் அதன்பின் சுமார் 2 வரை. கீழே போர் குழாயில் வரும்.
வேலை முடிந்ததும் 10 நிமிடம் திறந்துவிட்ட பிறகே குடிக்க, சமைக்க எடுக்கவும்.
பி பிளாக் தொட்டிக்குக் கீழுள்ள வண்டிகள்: சனி இரவே எடுக்கவும். பிளீச்சிங் தண்ணீர் சொட்டும்.
வீட்டுக்கு ரூ.150, செக்யூரிட்டியிடம். வாடகைதாரர் தர வேண்டாம், ஓனரிடம் வாங்கப்படும்.
ஞாயிறு 15 அன்று மின்தடை அறிவித்தால் ஞாயிறு 22க்கு மாறும். வெள்ளி 13 மாலைக்குள் சொல்வோம்.

மூலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நீளம்தான், ஒரு தகவலும் போகவில்லை. தேதி முதல் வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு: போன் பூட்டியிருக்கும்போது அறிவிப்பில் தெரிவது ஓரிரு வரிதான், அந்த இடத்தை "எல்லாருக்கும் வணக்கம்" தின்றுவிடுகிறது. தலைப்புக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகும்.

அனுப்புமுன் மூன்று பேராக நடித்துப் படியுங்கள்: ஏ பிளாக் வாடகைதாரர், பி பிளாக்கில் பைக் வைத்திருப்பவர், வெளியூரில் இருக்கும் ஓனர். தன் வேலை என்ன, எப்போது என்று ஒருவருக்காவது கேள்வி எழுந்தால் மூலத்துக்குத் திரும்பிப் போய் விட்டதைத் தேடுங்கள்.

பிறகும் தப்பு கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள்! வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், திருத்தினாலும் ஏற்கெனவே படித்தவருக்குப் புது அறிவிப்பு போகாது. அவர் பழைய நேரத்தை நம்பிக்கொண்டே இருப்பார். "மாற்றம்: பி பிளாக் தொடக்கம் 11 அல்ல, 12" என்று பழையதையும் புதியதையும் சேர்த்துத் தனிச் செய்தியாகப் போடுங்கள்.