அந்த எட்டுக் கிலோ எங்கிருந்து வந்தது?

செல்லூரில் இருக்கும் என் அத்தை, உடல் எடை குறையும் என்று நம்பி, மூன்று மாதமாக, எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சிடர் வினிகரைத் தண்ணீர் கலக்காமல் விழுங்கிவிட்டு, உடனே பல் துலக்கி வந்திருக்கிறார். போன வாரம் பானை மோரை ஒரு வாய் குடித்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பல்லின் எனாமல் அரித்துப்போயிருக்கிறது, இனி அது வளராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வினிகரின் அமிலம் எனாமலை இளக்குகிறது. இளகிய நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது இன்னும் வேகமாகத் தேயும்.

"மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறையும் என்று ஆராய்ச்சியிலேயே இருக்கிறதாமே" என்றார் அத்தை. இருந்தது உண்மை. லெபனானில் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான 120 பேரிடம் நடத்திய ஆய்வு அது, 2024-இல் வெளியானது. தினம் ஒரு மேசைக்கரண்டிக்குள் குடித்தவர்களுக்கே 12 வாரத்தில் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை குறைந்ததாகச் சொன்னது. அந்தக் கணக்கு நம்பும்படி இல்லை என்று மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். மூலத் தரவுகளைப் பரிசோதித்த பிறகு, 2025-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எட்டுக் கிலோ செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. திரும்பப் பெற்ற செய்தி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. என் கோபம் அதில்தான்.

ஓரளவு நம்பக்கூடியது 2009-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. அதை நடத்தியது ஒரு வினிகர் நிறுவனம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் பருத்தவர்களுக்குத் தினம் 15 அல்லது 30 மில்லி வினிகரை அரை லிட்டர் பானத்தில் கலந்து கொடுத்தார்கள். 12 வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை குறைந்தது. நிறுத்திய நான்கு வாரத்தில் எடை பழைய இடத்தை நோக்கி ஏறத் தொடங்கிவிட்டது. அத்தையின் அளவுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் 30 மில்லி வீதம் 84 நாளைக்கு இரண்டரை லிட்டர், அதாவது ஐந்து அரை லிட்டர் பாட்டில்கள். நிலைக்காத இரண்டு கிலோவுக்கு இத்தனை செலவு, அதற்கு மேல் பல்லும் போய்விட்டது.

மாலையில் அவர் குடிக்கும் கிரீன் டீயின் கதை இன்னும் சிறியது. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, கிரீன் டீ பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில், எடுத்துக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே எடைக் குறைப்பில் சராசரி வித்தியாசம் 40 கிராம். ஒரு இட்லியின் எடை. அதுகூடத் தற்செயலாக வந்திருக்கலாம். பிடித்திருந்தால் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் கிரீன் டீ சாற்றை மாத்திரையாக விற்கிறார்களே, அதை வீட்டுக்குள் விடாதீர்கள். அதிக அளவில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மீதி இருந்த முக்கால் பாட்டிலை அத்தை இப்போது வெங்காயம் ஊறப்போட எடுத்துக்கொள்கிறார். மோரை மட்டும் இன்னும் பானையிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் குடிக்கிறார்.