செயின் லாக் கிளிப்பைத் தகட்டோடு நெம்பாதீர்கள்

பைக் செயினை இணைக்கும் லாக்கின் கிளிப் கழலவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில் இது:

"கிளிப் வரலைன்னா ஸ்க்ரூடிரைவரைத் தகட்டுக்கு அடியில விட்டு நெம்புங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்."

தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். கிளிப், லாக்கின் வெளித்தகட்டுக்கு மேலே, பின்களின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. தகட்டின் மேலேயே சறுக்கித்தான் கழலும். தகட்டை வெளியே நெம்பினால் அது கிளிப்பை இன்னும் இறுக்கும், கடைசியில் வளைவது தகடுதான். நானும் ஒரு தகட்டை இப்படித்தான் வீணாக்கினேன்.

இன்னொருவர் எண்ணெய் விடச் சொன்னது துருவுக்குச் சரி. ஆனால் ஓ-ரிங் செயினில் அந்த ரப்பர் ரிங்குகளே தகட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எண்ணெய் அந்த அழுத்தத்தைக் குறைக்காது. சின்ன கிளாம்பை கிளிப்பில் படாமல் தகட்டின் விளிம்பில் வைத்து, மறுபக்கத் தகட்டை நோக்கி லேசாக அழுத்துங்கள். தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும்.

அப்புறம் நோஸ் பிளையரின் ஒரு தாடையை கிளிப்பின் பிளந்த முனையில், ஒரு காலின் நுனியில் வையுங்கள். மற்றதை அந்த முனைக்குப் பக்கத்திலுள்ள பின்னின் மறுபுறம் வைத்து அழுத்துங்கள். அந்தக் கால் 'டிக்' என்று பின்னைத் தாண்டும், அடுத்த காலும் அப்படியே. செயினைத் தளர்த்தி, லாக்கைப் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டின் மேல் நிறுத்திக்கொண்டால் ஆடாது.

'ரிவெட் லாக்குக்கும் இதேதானா?' என்று கேட்டவருக்கு: இல்லை, அதில் கிளிப்பே கிடையாது.