ஜாமீன் கையெழுத்தும் ரசீதும்

“கடன் வாங்கினவர்கிட்ட சொத்து இருக்கும்போது பேங்க் அவரைத்தானே முதல்ல பிடிக்கணும்?” – ஜாமீன்தாரரை ஏன் பிடிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

அப்படிக் கட்டாயம் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவுதான். மார்த்தாண்டத்தில் என்னோடு வேலை பார்த்தவரின் 3 லட்ச ரூபாய் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் வளைகுடாவுக்குப் போனார், தவணை நின்றது, நோட்டீஸ் எனக்கே வந்தது. மீதி 1,80,000 ரூபாயையும் நானே கட்டினேன்.

கட்டிய பிறகுதான் விஷயமே. 140, 145ஆம் பிரிவுகளின்படி அந்தத் தொகையை அவரிடம் வசூலிக்கும் உரிமை எனக்கு வந்துவிட்டது. கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நான் செய்த மடத்தனம், ரொக்கமாக அவர் கணக்கில் போட்டது. சலானில் அவர் பெயர்தான் இருந்தது. அப்புறம் மேலாளரிடம் நடையாய் நடந்து, ‘ஜாமீன்தாரர் செலுத்தியது’ என்று கடிதம் வாங்கினேன். நீங்கள் உங்கள் கணக்கிலிருந்தே காசோலையாகக் கொடுங்கள்.