ஏற்காட்டு வரைபடத்தின் ஒற்றை நிறம்

“ஏற்காடு வட்டம் முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கிறதே, மலை முழுக்க மக்கள் சமமாகவா வாழ்கிறார்கள்?” என்று மேலே கேட்ட நண்பருக்கு:

இல்லை. ஒவ்வொரு நிர்வாகப் பகுதிக்கும் ஒரு நிறம் பூசிக் காட்டும் கோரோப்ளெத் வரைபடத்தில் ஒரு வட்டத்தின் சராசரிதான் நிறமாகிறது. ஏரியைச் சுற்றிய நெருக்கமும் காப்புக்காட்டின் வெறுமையும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. வட்டங்களை ஒப்பிட அது போதும், ஆனால் நிறம் ஒரு சதுர கிலோமீட்டருக்கான அடர்த்தியைக் குறிக்கிறதா, மொத்த மக்கள்தொகையையா என்று குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தைக் குறித்தால் பரப்பில் பெரிய வட்டம் காரணமின்றி அடர்ந்து தெரியும்.

மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் புள்ளி வரைபடமே ஏற்றது. எனினும் மென்பொருள் எல்லைக்குள் புள்ளிகளைத் தோராயமாகத் தூவியிருந்தால், ஏரி நீரின் மேலேயே சில விழுந்திருக்கும். அதைக் கண்டால் அந்தப் படத்தை இடத்துக்காக நம்பக் கூடாது.

மழை வேறு வகை. அது வட்ட எல்லையில் நிற்பதில்லை என்பதால் ஒரே அளவு மழை பெறும் இடங்களை இணைக்கும் சம மழைக்கோடுகளே பொருந்தும். ஆண்டு மழை சேலத்தில் 900 மில்லிமீட்டர், ஏற்காட்டில் 1500 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மழைமானிகளுக்கும் நடுவே 1200 கோட்டை வரைந்தால், அது மலையடிவாரத்துச் சமவெளிக்குப் பெய்யாத மழையைக் கொடுத்துவிடக்கூடும், ஏனெனில் ஏற்றம் தொடங்குவதே அதற்கு அப்பால்தான். கோடுகள் மலைச்சரிவில் நெருங்காமல் சம இடைவெளியில் ஓடினால், வரைந்தவர் உயரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் கொள்வேன்.